17ஆவது தவணைக்குப் பிறகு அப்பாவுக்கு பிஎம் கிசான் பணம் வரவில்லை: எந்த அலுவலகத்தில் எதைக் கேட்பது?

கோரையாறு (டிசம்பர் 1, 2025)

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 67 வயது. டெல்டா மாவட்டம் ஒன்றில் 1 ஏக்கர் 62 சென்ட் நன்செய் நிலத்தில் சம்பா சாகுபடி செய்கிறார். 2019இல் பிஎம் கிசான் திட்டம் தொடங்கியதிலிருந்து, நான்கு மாதத்துக்கு ஒரு முறை 2,000 ரூபாய் எங்கள் ஊருக்கு அருகிலுள்ள வங்கிக் கிளையில் அவருடைய கணக்குக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தது. 2024 ஜூனில் வந்த 17ஆவது தவணைதான் கடைசி. 18, 19, 20 ஆகிய மூன்றும் வரவில்லை. கடந்த நவம்பர் 19 அன்று கோயம்புத்தூரில் பிரதமர் விடுவித்த 21ஆவது தவணையும் வரவில்லை. பக்கத்து வயல்காரர்கள் எல்லோருக்கும் வந்துவிட்டது.

அப்பா வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு நான்கு முறை போய் வந்துவிட்டார். ஒவ்வொரு முறையும், "எங்கள் கணினியில் எல்லாம் சரியாகத்தான் காட்டுகிறது, வங்கியில் கேளுங்கள்" என்ற பதில்தான் கிடைத்திருக்கிறது. வங்கியில் கேட்டால், "ஆதார் இணைத்தாகிவிட்டது, பணம் அங்கிருந்து வரவில்லை, வேளாண் அலுவலகத்தில் கேளுங்கள்" என்கிறார்கள். வங்கிப் புத்தகம், சிட்டா நகல், ஆதார் அட்டை எல்லாவற்றையும் ஒரு பாலித்தீன் உறையில் போட்டு மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் இரண்டு இடத்துக்கும் மாறி மாறி நடக்கிறார். நான் திருப்பூரில் வேலை செய்வதால் உடன் போக முடியவில்லை. வரும் சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். யாரிடம், எந்தக் கேள்வியை, எப்படி எழுதிக் கொடுத்தால் உருப்படியான பதில் கிடைக்கும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

தேன்மொழி_வந்தவாசி (டிசம்பர் 1)

தம்பி, இது இ-கேஒய்சி பிரச்சினைதான். எங்கள் மாமனாருக்கும் இப்படித்தான் ஒரு தவணை நின்றது. இ-சேவை மையத்துக்கு அழைத்துப்போய்க் கைரேகை வைத்தோம், அடுத்த தவணை வந்துவிட்டது. அப்பாவையும் கைரேகை வைக்கச் சொல்லுங்கள். அதற்குமேல் எந்த அலுவலகத்துக்கும் அலைய வேண்டியதில்லை.

கோரையாறு (டிசம்பர் 1)

நன்றி அக்கா. கைரேகை 2023லேயே வைத்துவிட்டோம், அதன் பிறகும் சில தவணைகள் வந்திருக்கின்றன. ஒருமுறை முடித்ததை மீண்டும் செய்ய வேண்டுமா என்று தெரியவில்லை.

செங்காந்தள் (டிசம்பர் 2)

எனக்கும் இதே நிலைதான். மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பித்தேன், ஆயிரம் ரூபாய் இன்றுவரை வரவில்லை. எங்கள் தெருவில் என்னைவிட வசதியானவர்களுக்கு வருகிறது. வங்கியில் ஆதார் சேர்த்திருக்கிறேன், கைப்பேசி எண்ணும் சேர்த்திருக்கிறேன். யாரிடம் கேட்டால் பணம் வரும் என்று எனக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழைய கோப்பு (டிசம்பர் 2)

வேளாண்மைத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கடைசி நான்கு ஆண்டுகள் இந்தத் திட்டத்தின் மனுக்கள்தான் என் மேசைக்கு வந்துகொண்டிருந்தன. அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் செங்காந்தள் அம்மாவுக்கு. உங்களுடையது வேறு வகை. உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா என்பதே இன்னும் உங்களுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். விண்ணப்பம் ஏற்கப்படாதவருக்கு வங்கியில் எதைச் சரிசெய்தாலும் பணம் வராது. நிராகரிப்பு என்றால் அதற்கான காரணத்தோடு குறுஞ்செய்தி வந்திருக்க வேண்டும். அப்படி வந்தவர்கள் மேல்முறையீடு செய்ய வேண்டிய இடம் வருவாய்க் கோட்டாட்சியர். அதை இ-சேவை மையம் வழியாகச் செய்யலாம். உங்கள் விண்ணப்பத்தின் நிலையை முதலில் அறிந்துவந்து எழுதுங்கள், பிறகு பேசலாம்.

கோரையாறு தம்பியின் அப்பாவுடையது, ஏற்கப்பட்டு ஐந்து ஆண்டுகள் வந்த பணம் நின்றுபோனது. இ-கேஒய்சி முடியாவிட்டால் பணம் நிற்கும் என்று தேன்மொழி சொன்னது உண்மை. ஆனால் அதை ஒருமுறை முடித்தால் போதும், திரும்பத் திரும்பக் கைரேகை வைப்பதால் ஒன்றும் நடக்காது. காரணம் தெரியாமல் மருந்து கொடுப்பதைப் போன்றது அது.

"பணம் ஏன் வரவில்லை" என்று நீங்கள் கேட்கும் வரையில் இரண்டு அலுவலகங்களும் மாறி மாறிக் கைகாட்டத்தான் செய்வார்கள், ஏனென்றால் இருவர் சொல்வதும் அவரவர் திரையைப் பொறுத்தவரை உண்மையாகவே இருக்கலாம். இந்தப் பணம் மூன்று இடங்களைக் கடந்து வருகிறது. மாநில அரசு அந்தத் தவணைக்குரிய பட்டியலில் பெயரைச் சேர்த்துக் கையொப்பமிட வேண்டும். அதன்பேரில் மத்திய அரசு பணப் பரிமாற்ற ஆணையை உருவாக்க வேண்டும். பிறகு பணம் ஆதார் எண்ணைப் பிடித்துக்கொண்டு வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும். நின்றது இந்த மூன்றில் எந்த இடத்தில் என்று தெரிந்தால்தான் எந்த மேசைக்குப் போவது என்பது தெரியும். அதுவும் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நான்கு தவணையும் ஒரே காரணத்தால்தான் நின்றன என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அலுவலகத்துக்குப் போகும் முன் வீட்டிலிருந்தே ஒன்றைச் செய்யுங்கள். pmkisan.gov.in தளத்தில் `Know Your Status` என்ற பகுதிக்குள் அப்பாவின் பதிவு எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். பதிவு எண் தெரியாவிட்டால் ஆதார் எண்ணையோ கைப்பேசி எண்ணையோ கொடுத்து அதே பக்கத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். உள்ளே `Land Seeding`, `e-KYC Status`, `Aadhaar Bank Account Seeding Status` என்று மூன்று வரிகள் இருக்கும். பலரும் மூன்றிலும் `Yes` இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரையை மூடிவிடுகிறார்கள். அதற்குக் கீழே தவணை வாரியான விவரம் இருக்கிறது, உங்கள் விடை அங்கேதான் இருக்கும். அங்கே காண்பதைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டு வாருங்கள்.

மானாவாரி (டிசம்பர் 2)

இவ்வளவு சுற்றுவானேன்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, விரைவு அஞ்சலில் அனுப்பினால் முப்பது நாளில் பதில் வந்தே தீர வேண்டும். வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு அலையும் காலம் முடிந்துவிட்டது. நம் உரிமையை எழுத்தில் கேட்டால்தான் அலுவலகம் அசையும் என்பது என் அனுபவம்.

பழைய கோப்பு (டிசம்பர் 2)

மானாவாரி, மனுவுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் ஐந்து நிமிடத்தில் திரையில் தெரிவதை முப்பது நாள் காத்திருந்து வாங்க வேண்டியதில்லை. திரையில் இல்லாததைக் கேட்கத்தான் அந்த மனு.

கோரையாறு (டிசம்பர் 6)

ஊரிலிருந்து எழுதுகிறேன். பழைய கோப்பு ஐயா சொன்னபடி பார்த்தேன். ஓடிபி அக்காவின் கைப்பேசிக்குப் போனதால் அரை மணி நேரம் தாமதமாயிற்று. பார்த்தவற்றை அப்படியே தருகிறேன்.

மேலே உள்ள மூன்று வரிகளில் இ-கேஒய்சிக்கும் வங்கி இணைப்புக்கும் `Yes` இருக்கிறது. நில இணைப்புக்கு மட்டும் `No` என்று இருக்கிறது. வேளாண் அலுவலகத்தில் எல்லாம் சரி என்று சொன்னது எப்போதோ பார்த்த திரையை வைத்துப் போலும்.

எங்களை அதிர வைத்தது அதற்குக் கீழே இருந்த விவரம். 18, 19, 20 ஆகிய மூன்று தவணைகளும் வழங்கப்பட்டுவிட்டதாகவே காட்டுகிறது. ஒவ்வொன்றுக்கும் பணம் வரவு வைக்கப்பட்ட தேதியும் யூடிஆர் எண்ணும் இருக்கின்றன. ஆனால் வங்கியின் பெயர் எங்கள் வங்கியின் பெயர் அல்ல, கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும் அப்பாவின் புத்தகத்தில் உள்ளவை அல்ல. அங்கே இருப்பது ஒரு கூட்டுறவு வங்கியின் பெயர். 21ஆவது தவணைக்கு மட்டும் எந்த விவரமும் இல்லை.

அப்பாவுக்குக் கூட்டுறவு வங்கியில் கணக்கே இல்லை என்று அடித்துச் சொல்கிறார். யாரோ அவருடைய ஆதாரை வைத்துப் பணத்தை எடுத்துவிட்டார்களா? காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாமா என்று அக்கா கேட்கிறாள்.

கிளைமேசை (டிசம்பர் 6)

நான் ஒரு வங்கிக் கிளையில் பணிபுரிகிறேன். புகாருக்கு அவசரப்பட வேண்டாம். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: 2024 ஜூனுக்கும் அக்டோபருக்கும் இடையில் அப்பா பயிர்க் கடன் ஏதும் வாங்கினாரா?

கோரையாறு (டிசம்பர் 6)

ஆம். அந்த ஆண்டு ஆவணி மாதம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் சம்பா பயிர்க் கடன் வாங்கினார். ஆனால் அது சங்கம்தானே? பணத்தையும் சங்கத்துக்குப் போய்தான் வாங்கியதாகச் சொல்கிறார்.

கிளைமேசை (டிசம்பர் 6)

நான் நினைத்ததும் அதுதான். கடன் தொகையைக் கையில் கொடுக்காமல் கணக்கு வழியாகக் கொடுக்க வேண்டியிருப்பதால், சங்கத்தார் உறுப்பினர் பெயரில் மத்திய கூட்டுறவு வங்கிக் கிளையில் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கிவிடுவார்கள். பத்துப் பன்னிரண்டு தாள்களில் கையெழுத்து வாங்கும்போது கணக்குத் தொடங்கும் படிவமும் அதற்குள் இருக்கும். அந்தப் படிவத்தில், அரசின் நேரடி உதவித் தொகைகளை இந்தக் கணக்கிலேயே பெற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறேன் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஒரு குறி விழுந்துவிட்டால் போதும், ஆதாரின் இணைப்பு அந்த வங்கிக்கு மாறிவிடும். யாரும் திருடவில்லை, ஆனால் அப்பாவுக்கு யாரும் விளக்கிச் சொல்லவும் இல்லை. இது எங்கள் வங்கிகளிலும் நடக்கிறது என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் பழைய வங்கியில் "ஆதார் இணைத்தாகிவிட்டது" என்று சொன்னதும் பொய்யில்லை. கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருப்பது ஒன்று, அந்த ஆதாருக்கு வரும் அரசுப் பணம் இந்த வங்கிக்கு வர வேண்டும் என்று தேசியப் பணப்பரிமாற்றக் கழகத்தின் பட்டியலில் இருப்பது மற்றொன்று. ஒருவர் ஐந்து வங்கிகளில் ஆதாரைக் கொடுத்திருக்கலாம், ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு நேரத்தில் ஒரு வங்கியின் பெயர்தான் இருக்கும். கடைசியாக எந்த வங்கி இணைத்ததோ அந்த வங்கிக்கே பணம் போகும். முகப்பில் இருப்பவர் தம் கணினியில் ஆதார் எண் இருப்பதைப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிடுகிறார். அவர் பார்க்க வேண்டியது அதையல்ல.

இதை நீங்களே உறுதிசெய்துகொள்ளலாம். myaadhaar.uidai.gov.in தளத்தில் அப்பாவின் ஆதார் எண்ணையும் ஓடிபியையும் கொடுத்து உள்ளே போனால் `Bank Seeding Status` என்று ஒரு பகுதி இருக்கிறது. இணைந்திருக்கும் வங்கியின் பெயரும், இணைப்பு செயல்பாட்டில் இருக்கிறதா என்பதும், கடைசியாக மாறிய தேதியும் தெரியும். அந்தத் தேதி கடன் வாங்கிய நாட்களோடு பொருந்தினால் வேறு சான்றே வேண்டாம். கணக்கு எண் மட்டும் அங்கே தெரியாது, ஏனென்றால் அந்தப் பட்டியலில் வங்கியின் அடையாள எண்தான் இருக்கிறது. எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்பதை அந்த வங்கிதான் முடிவுசெய்கிறது. ஒரே வங்கியில் இரண்டு கணக்கு வைத்திருப்பவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்காமல் பணம் வரவில்லை என்று வருந்துவது இதனால்தான்.

தேன்மொழி_வந்தவாசி (டிசம்பர் 7)

இப்படியும் உண்டு என்று எனக்குத் தெரியாது. கைரேகை வைத்த மறுநாளே மாமனாருக்கு வங்கியிலும் ஒரு படிவம் கொடுத்தோம் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. எதனால் பணம் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாதுதான்.

கோரையாறு (டிசம்பர் 8)

இன்று விடுப்பு எடுத்துக்கொண்டு அப்பாவோடு கூட்டுறவு வங்கிக் கிளைக்குப் போனேன். `Bank Seeding Status` பக்கத்தில் இருந்த தேதி, கடன் வாங்கிய அதே வாரம். கிளையில் ஆதாரையும் சங்கத்தின் கடன் அட்டையையும் காட்டியதும், இரண்டே நிமிடத்தில் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வங்கிப் புத்தகம் அச்சாகி ஓராண்டுக்கு மேலாக அவர்களுடைய இரும்பு அலமாரியில் இருந்திருக்கிறது. அட்டையின் ஓரம் மட்டும் பழுப்பேறியிருந்தது. பதிவு இயந்திரத்தில் போட்டு எடுத்தபோது 2,000, 2,000, 2,000 என்று மூன்று வரிகள் விழுந்தன. அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அந்த மூன்று வரிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "இதுக்கா நாலு தடவ நடந்தேன்" என்று மட்டும் சொன்னார். எனக்குப் பேச்சு வரவில்லை. நான்கு முறையும் யாராவது ஒருவர் அந்தத் திரையைக் கீழே நகர்த்திப் பார்த்திருந்தால் அவர் அலைந்திருக்க வேண்டாம்.

இப்போது எனக்கு மூன்று கேள்விகள் எஞ்சுகின்றன. சங்கத்தில் கடன் நிலுவை இருக்கும்போது அந்த 6,000 ரூபாயை அவர்கள் பிடித்துக்கொள்ள முடியுமா? ஆதார் இணைப்பைப் பழைய வங்கிக்கே மாற்ற வேண்டுமா? 21ஆவது தவணைக்கு என்ன செய்வது?

கிளைமேசை (டிசம்பர் 8)

முதல் கேள்விக்கு: கடனின் தவணைத் தேதி தாண்டாதவரை பிடித்தம் என்ற பேச்சே எழாது. தாண்டியிருந்தால் என்ன என்பதில் கிளைக்குக் கிளை நடைமுறை வேறுபடுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் உறுதியாக எழுத மாட்டேன். பணத்தை இப்போதே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு: மாற்றுவது கடினமில்லை. பழைய வங்கிக் கிளையில் ஆதார் இணைப்புச் சம்மதப் படிவத்தை வாங்கி, வேறு வங்கியிலிருந்து மாற்றிக்கொள்கிறேன் என்ற பகுதியைத் தேர்ந்தெடுத்து, இப்போது இணைந்திருக்கும் வங்கியின் பெயரையும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். ஆனால் மாற்றினால் பிஎம் கிசான் மட்டுமல்ல, ஆதார் வழியாக வரும் அனைத்தும் மாறும். சமையல் எரிவாயு மானியம், நூறு நாள் வேலைச் சம்பளம் எல்லாம் எங்கே வருகின்றன என்று பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். கூட்டுறவுக் கிளை வீட்டுக்குப் பக்கம் என்றால் அங்கேயே விட்டுவிடுவதிலும் தவறில்லை.

மானாவாரி (டிசம்பர் 8)

பக்கம், தூரம் என்று பார்த்து விட்டுவிடக் கூடாது. சம்மதம் கேட்காமல் மாற்றியதை எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்தவருக்கும் இதையேதான் செய்வார்கள்.

கிளைமேசை (டிசம்பர் 8)

ஆட்சேபிப்பதைத் தடுக்கவில்லை. ஆனால் கையெழுத்து அப்பாவுடையதாக இருந்தால் அவர்கள் அந்தப் படிவத்தைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். விளக்காமல் வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்பது வேறு வழக்கு.

பழைய கோப்பு (டிசம்பர் 9)

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். முன்பே சொன்னேன், எல்லாத் தவணைக்கும் காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று. மூன்று தவணை வழி மாறிப் போயின, 21ஆவது தவணை புறப்படவே இல்லை. இதற்கு வங்கியில் ஒன்றும் கேட்க வேண்டாம். நில இணைப்பில் இருக்கும் `No`தான் இதற்குக் காரணம்.

20ஆவது தவணை ஆகஸ்டு 2 அன்று வந்தது. அப்போது சரியாக இருந்த நில விவரம் நவம்பருக்குள் மாறியிருக்கிறது என்றால், இடையில் ஏதோ நடந்திருக்கிறது. இந்த ஆண்டு உங்கள் நிலத்தில் பாகப்பிரிவினை, உட்பிரிவு, பட்டா மாறுதல் ஏதும் நடந்ததா?

கோரையாறு (டிசம்பர் 9)

நடந்தது ஐயா. தாத்தா காலத்து நிலம், அப்பாவும் சித்தப்பாவும் கூட்டுப் பட்டாவில் வைத்திருந்தார்கள். இந்த ஆண்டு பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, உட்பிரிவு செய்து, ஜூலையில் அப்பா பெயரில் தனிப் பட்டா வந்தது. பட்டா எண்ணும் மாறிவிட்டது, புல எண்ணில் உட்பிரிவும் சேர்ந்துவிட்டது.

பழைய கோப்பு (டிசம்பர் 9)

அப்படியானால் இரண்டு வகையில் சிக்கியிருக்கலாம். ஒன்று, பழைய பட்டா எண்ணும் புல எண்ணும் வருவாய்த் துறையின் ஆவணத்தில் இப்போது அதே வடிவில் இல்லை, அதனால் பொருத்தம் விட்டுப்போயிருக்கலாம். இன்னொன்று சற்றுக் கனமானது. இந்தத் திட்டத்தில் 2019 பிப்ரவரி 1 என்ற நாள்தான் கணக்கு. அந்த நாளில் நிலம் யார் பெயரில் இருந்ததோ அவருக்குத்தான் தகுதி. அதற்குப் பிறகு விலைக்கு வாங்கியவர்களுக்குக் கிடையாது, உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்தது மட்டும் விலக்கு. இந்த ஆண்டு மத்திய அரசு, அந்த நாளுக்குப் பிறகு நிலம் பெற்றவர்கள் என்று தெரியும் பதிவுகளையும், ஒரே குடும்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்டோர் பெறும் பதிவுகளையும் சந்தேகப் பட்டியலில் வைத்து, நேரில் சரிபார்க்கும் வரை பணத்தை நிறுத்தியிருக்கிறது. 2025 தேதியிட்ட பட்டா, புதிதாக நிலம் வாங்கியவரைப் போன்ற தோற்றத்தைக் கொடுத்திருக்கும் என்பது என் கணிப்பு. திரையைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் இதில் அலுவலர்கள் இரட்டை எச்சரிக்கையாக இருப்பதற்கு ஒரு காரணமும் உண்டு. 2020இல் இங்கே நிலமே இல்லாத லட்சக்கணக்கானோரைப் பட்டியலில் சேர்த்த மோசடி வெளிவந்து, பணத்தைத் திரும்ப வசூலிக்க வேண்டியதாயிற்று. அதன்பிறகு நில விவரத்தில் சிறு ஐயம் வந்தாலும் தாமாகக் கையெழுத்திட யாரும் துணிவதில்லை. நானும் துணிந்ததில்லை. உண்மையான விவசாயி அதற்கு விலை கொடுக்கிறார் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

எனவே மனுவை இப்படி எழுதுங்கள். அப்பாவின் கையெழுத்தில், வேளாண்மை உதவி இயக்குநரின் பெயருக்கு எழுத வேண்டும். நீங்கள் மகன்தான் என்றாலும் பணம் அவருடையது, விவரமும் அவருக்குத்தான் தருவார்கள்.

"ஐயா, பிஎம் கிசான் திட்டத்தில் பதிவு பெற்ற எனக்கு 20ஆவது தவணை வரை தொகை வழங்கப்பட்டுள்ளது. 21ஆவது தவணை வழங்கப்படவில்லை. தளத்தில் நில இணைப்பு `No` என்று உள்ளது. மேற்படி நிலம் 01.02.2019க்கு முன்பிருந்தே கூட்டுப் பட்டாவில் என் பெயரில் இருந்துவந்தது. 2025இல் பாகப்பிரிவினையின்படி தனிப் பட்டாவாக மாறியதே தவிர, புதிதாக விலைக்கு வாங்கப்பட்டதன்று. பழைய கூட்டுப் பட்டா, பாகப்பிரிவினைப் பத்திரம், புதிய பட்டா ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். என் பதிவு எந்தக் காரணத்துக்காக, எந்த நாளில் நிறுத்திவைக்கப்பட்டது என்பதைத் தெரிவித்து, களச் சரிபார்ப்பு செய்து நில இணைப்பைச் சரிசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். வறுமையை எழுத வேண்டாம், நான்கு முறை வந்ததையும் எழுத வேண்டாம். அலுவலர் தம் கோப்பில் குறிப்பு எழுத என்ன தேவையோ அது மட்டும் இருக்கட்டும். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கூட்டுப் பட்டாவின் நகல் உங்களிடம் இல்லாவிட்டால் முதலில் அதைத் தேடுங்கள், இந்த மனுவின் உயிர் அதில்தான் இருக்கிறது.

மானாவாரி (டிசம்பர் 10)

பழைய கோப்பு ஐயாவின் மனுவில் எனக்கு ஒரு மாறுபாடு இருக்கிறது. என் கதையைச் சொல்கிறேன். என் அப்பா 2022இல் தவறிவிட்டார். அதன்பின் அம்மா பெயரில் பதிய மனுக் கொடுத்தோம், முத்திரையும் வாங்கினோம், எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. தகவல் அறியும் மனுவில் "ஏன் பதியவில்லை" என்று கேட்டேன். "ஏன் என்ற வினா தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அடுத்த மனுவில், இன்ன தேதியிட்ட எங்கள் மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்புகளின் நகல், அது இப்போது எந்த அலுவலரிடம் நிலுவையில் உள்ளது என்ற விவரம் என்று கேட்டேன். பதில் வரும் முன்பே கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு வந்துவிட்டார். அதனால் மனுவோடு அதையும் சேர்த்தே போடுங்கள் என்கிறேன்.

பழைய கோப்பு (டிசம்பர் 10)

ஏன் என்று கேட்காமல் நகல் கேட்க வேண்டும் என்று நீங்கள் சொன்னது பொன்னான அனுபவம், கோரையாறு தம்பி அதைக் குறித்துக்கொள்ளட்டும். இரண்டையும் ஒரே நாளில் போடுவதைத்தான் நான் ஏற்கவில்லை. கோப்பில் ஒன்றும் எழுதப்படாத நிலையில் நகல் கேட்டால், நடவடிக்கையில் உள்ளது என்ற பதில்தான் வரும். முப்பது நாள் பொறுத்துப் போட்டால் கேட்பதற்கு ஒரு கோப்பு இருக்கும். அதற்கிடையே மாதாந்திர விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் முத்திரையிட்ட பிரதியின் நகலைக் கொடுங்கள். அங்கே வேளாண்மைத் துறையும் வருவாய்த் துறையும் ஒரே அறையில் இருப்பார்கள், ஒருவர் மற்றவரைக் கைகாட்ட இடமிருக்காது.

உங்கள் அப்பா தவறிய பிறகு அவர் கணக்கில் வந்த தவணை ஏதும் இருந்தால் அதைத் திருப்பிச் செலுத்தியாயிற்றா? அம்மாவின் பதிவு அதனால் நிற்பதும் உண்டு.

மானாவாரி (டிசம்பர் 10)

ஒரு தவணை வந்தது, செலுத்தவில்லை. இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

செங்காந்தள் (டிசம்பர் 11)

இ-சேவை மையத்தில் பார்த்தேன். என் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருக்கிறது, வீட்டு மின் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டியதாகக் காரணம் சொல்கிறார்கள். நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம், மின் இணைப்பு வீட்டு உரிமையாளர் பெயரில் மூன்று குடித்தனத்துக்கும் சேர்த்து ஒன்றே. இதற்கு நான் என்ன சான்று காட்டுவது?

பழைய கோப்பு (டிசம்பர் 11)

அது எனக்குத் தெரியாத துறை அம்மா. வாடகை ஒப்பந்தமும் மற்ற இரு குடித்தனங்களின் குடும்ப அட்டை நகலும் இருந்தால் கோட்டாட்சியர் விசாரணையில் காட்டிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. வருவாய்த் துறையில் இருப்பவர்கள் யாராவது சொன்னால் நல்லது.

கோரையாறு (டிசம்பர் 19)

பழைய கூட்டுப் பட்டா வீட்டில் கிடைக்கவில்லை. சித்தப்பா 2017இல் நகைக்கடனுக்காக எடுத்து வைத்திருந்த நகல் ஒன்று அவர் பெட்டியில் இருந்தது. அதில் இருவர் பெயரும் தெளிவாக இருக்கின்றன. மனுவைக் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டோம். உதவி வேளாண்மை அலுவலர் திரையைத் திறந்து பார்த்துவிட்டு, நிலம் 2019க்குப் பிறகு பெறப்பட்டதாகச் சந்தேகம் என்ற காரணம்தான் பதிவாகியிருக்கிறது என்று சொன்னார். பழைய கோப்பு ஐயா கணித்தது சரிதான். நகலைப் பார்த்ததும் அவர் பேச்சே மாறிவிட்டது. கிராம நிர்வாக அலுவலரோடு வந்து பார்ப்பதாகத் தேதி கொடுத்திருக்கிறார், வரும் செவ்வாய்க்கிழமை. நிறுத்திவைத்த 21ஆவது தவணை சரிபார்த்த பிறகு சேர்த்து வருமா, விட்டுப்போனது போனதுதானா என்று கேட்டதற்கு மட்டும் அவரால் உறுதி சொல்ல முடியவில்லை.

ஆதார் இணைப்பை அப்பா கூட்டுறவு வங்கியிலேயே விட்டுவிடச் சொல்லிவிட்டார். கிளை பேருந்து நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. புதிய வங்கிப் புத்தகத்தையும் பாலித்தீன் உறைக்குள் வைத்துவிட்டார்.

பழைய கோப்பு (டிசம்பர் 19)

நான் பணியில் இருந்தவரை, தகுதி உறுதியானவர்களுக்கு நிறுத்திய தவணை அடுத்த தவணையோடு சேர்ந்து வந்திருக்கிறது. இந்தச் சந்தேகப் பட்டியல் நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தது, அதனால் உங்களுக்கு எப்படி நடக்கிறது என்பதை இங்கே எழுதுங்கள். செவ்வாய்க்கிழமை அவர்கள் வரும்போது சித்தப்பாவையும் வயலில் இருக்கச் சொல்லுங்கள். கூட்டுப் பட்டாவில் இருந்த மற்றவர் நேரில் நின்று சொல்வது, சரிபார்ப்பு அறிக்கையில் ஒரு கையெழுத்தாக விழும்.